பச்சை அட்டை நோட்டு

கோபி,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மிணி,

போனில் சொன்னால் பாதி காதில் விழாமல் போய்விடும், அதனால் எழுதுகிறேன். பீரோவின் நடுத்தட்டில், தோட்டத்துப் பத்திரக் கட்டுக்கு மேல், பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கு, பாலிசி, கடன், நமக்கு வரவேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். "நான் படுத்துவிட்டால் யார் எடுக்கலாம்" என்பது முதல் கட்டம். "நான் போனபின் யார் வாங்கலாம்" என்பது இரண்டாவது. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதற்குத்தான் விடை இருக்கும், முதல் கட்டம் காலியாகக் கிடக்கும். நாமினி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடுவதுதான் காரணம்.

நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகுதான். நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் கிடக்கும்போது, நாமினி என்ற முறையில் அம்மா பேங்குக்குப் போய் நின்றால் நூறு ரூபாய்கூடத் தரமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. பவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், எழுதிக் கொடுத்தவர் நினைவு தப்பிவிட்டால் அந்தப் பவர் நிற்காது. நினைவு இருந்து கையெழுத்து மட்டும் போட முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. கைப் பெருவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அலுவலராக இருக்கவேண்டும். அதனால் பேங்கிலிருந்து ஆள் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். கிளை மேனேஜரிடம் எழுத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள், ஆனால் அன்றைக்கே நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நினைவே இல்லையென்றால் கோர்ட்டில் காப்பாளர் உத்தரவு வாங்கவேண்டும். அந்த நேரத்தில் உன் அம்மா பணத்துக்காக வராந்தாவில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தருக்காகப் போன் போடக் கூடாது.

அதனால் என் பெயரில் மட்டும் இருந்த சேமிப்புக் கணக்கில் அம்மாவையும் சேர்த்துவிட்டேன். இருவரும் கிளைக்குப் போய், ஆதார், பான், போட்டோ கொடுத்து ஒரு படிவம் எழுதினால் போதும். அதில் கவனிக்கவேண்டியது ஒரே ஒரு இடம்தான். கணக்கை யார் இயக்குவது என்ற கட்டத்தில் "ஜாயின்ட்லி" என்று டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் படுத்தால் கணக்கும் படுத்துவிடும். "ஐதர் ஆர் சர்வைவர்" என்று இருக்கவேண்டும், அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் போனால் மற்றவர். படிவம் கொடுத்ததோடு விடாமல் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் புதிதாக அச்சடித்து வாங்கிப் பார்த்தேன். "E or S" என்று வந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இந்தக் கணக்கில் எப்போதும் 1,50,000 ரூபாய்க்குக் குறையாமல் வைத்திருக்கிறேன். அது ஆஸ்பத்திரி முன்பணத்துக்கு.

டெபாசிட் விஷயம் இதைவிட நுணுக்கம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படி. 4 லட்சம் ஒரே ரசீதாக என் பெயரில் இருந்தது. அதிலும் அம்மாவைச் சேர்த்து "ஐதர் ஆர் சர்வைவர்" ஆக்கினேன். இனி யார் வேண்டுமானாலும் உடைக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அந்த வார்த்தை முதிர்வுத் தேதியில்தான் முழுசாக வேலை செய்யும். தேதிக்கு முன்னால் உடைப்பதென்றால், இருவரும் உயிரோடு இருக்கும்வரை, இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஒருவர் இறந்துபோய் மற்றவர் முன்கூட்டி உடைக்கப் போனால், இறந்தவரின் வாரிசுகள் எல்லாருடைய சம்மதத்தையும் கேட்பார்கள்.

இதற்கு இரண்டு வேலை செய்தேன். ஒன்று, "எங்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்னும் எடுத்துக்கொள்ளலாம்" என்று இருவரும் கையெழுத்துப் போட்டு டெபாசிட்டோடு சேர்க்கக் கொடுத்தோம். அதன் நகல் நோட்டின் உறையில் இருக்கிறது. இரண்டாவது, அந்த 4 லட்சம் முதிர்ந்தபோது நாலு ரசீதாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரிப் போட்டேன். நான் எப்போது படுத்தாலும் அடுத்த 1 லட்சம் வர அதிகபட்சம் மூன்று மாதம்தான். முதிர்ந்தால் தானாகப் புதுப்பிக்காமல் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தானாகப் புதுப்பிக்க விட்டிருந்தால் தேதி தெரியாமலே கடந்து, பணம் மறுபடி பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நானே போய்ப் போடவேண்டியிருப்பது அலைச்சல்தான், பரவாயில்லை.

நாமினியாக உன்னையும் தம்பியையும் போட்டிருக்கிறேன். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம். உங்களுக்கு ஆளுக்குப் பாதி. ஜாயின்ட் கணக்கு என்பதால் நாங்கள் இருவரும் போனபின்தான் உங்கள் முறை வரும். பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு உன் இனிஷியல் மாறியிருந்தால் உடனே சொல், இங்கேயும் மாற்றவேண்டும். நாமினேஷன் கொடுத்ததற்குப் பேங்க் தந்த ஒப்புகைச் சீட்டும் அதே உறையில் இருக்கிறது.

எல்ஐசி பாலிசியில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. நாமினி இடத்தில் இன்னும் ஆத்தா பெயர். ஆத்தா போய் இத்தனை வருசம் ஆகியும் நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாமினி முன்னாலேயே போய்விட்டால் பணம் வாரிசுகளுக்குப் போகும். வாரிசுச் சான்றுக்கு மனுப்போட்டு, தாசில்தார் கையெழுத்து வந்து, எல்லாரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். இப்போது அம்மா பெயருக்கு மாற்றி, பாலிசிப் பத்திரத்தின் பின்பக்கத்தில் பதிவு வாங்கிவிட்டேன். மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பாஸ்புக்கில் வருசத்துக்கு ஒரு தடவை, மே கடைசி வாக்கில், சின்னதாக இரண்டு வரி வரும். 436 ரூபாய் போனால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி, 20 ரூபாய் போனால் சுரக்ஷா பீமா. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், இரண்டாவது விபத்தில் இறந்தால் 2 லட்சம். பத்திரம் எதுவும் கையில் இருக்காது என்பதால் இப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை, யாரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது. எனக்கு வயசு தாண்டிவிட்டதால் 20 ரூபாயுடையது மட்டும். அவளுடையது பால் சொசைட்டிப் பணம் வருகிற கணக்கிலிருந்து போகிறது. கறவை வற்றிய மாதத்தில் அதில் காசில்லாமல் போனால் பிடித்தம் நடக்காது, காப்பீடும் நின்றுபோகும். மே 20க்குள் அதில் 1,000 ரூபாயாவது இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அடுத்து, கொடுக்கவேண்டியதும் வரவேண்டியதும். அம்மாவின் ஆரம் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனில் இருக்கிறது, கடன் என் பெயரில். ரசீதின் தேதி, எடை, கெடு மூன்றையும் எழுதியிருக்கிறேன். கெடு தாண்டினால் முதலில் நோட்டீஸ் வரும், பிறகு ஏலம். நான் படுக்கையில் கிடக்கும்போது அந்த நோட்டீஸ் பிரிக்காமல் திண்ணையிலேயே கிடந்துவிடக் கூடாது.

அதற்குக் கீழே, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்த 60,000. அதற்குப் புரோநோட்டு இருக்கிறது, தேதி 2024 ஜனவரி 20. கேட்டவுடன் தரவேண்டிய நோட்டு என்பதால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருசம்தான் கெடு. அதற்குள் கேஸ் போடாவிட்டால் காலாவதி. நல்ல மனுசர்தான், கேஸுக்கெல்லாம் போகவேண்டாம். அவர் 2,000 ரூபாய் கொடுத்தாலும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருசம் கிடைக்கும். ஆனால் அந்த வரவு பழைய கெடு முடிவதற்குள் விழவேண்டும். தாண்டிய பிறகு வாங்கினால் இந்தப் பலன் இல்லை.

மெடிக்கல் இன்சூரன்ஸ் அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து உனக்கும் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். திடீரென்று சேர்க்கவேண்டி வந்தால் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். அறை வாடகைக்கு ஒரு நாளுக்கு 5,000 என்று வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் அறை எடுத்தால் வாடகையில் மட்டுமில்லை, டாக்டர் பீஸ் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அப்பாவுக்கு நல்ல அறை வேண்டும் என்று பாசத்தில் எடுத்துவிடாதீர்கள்.

பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் நோட்டில் எழுதவில்லை. எழுதவும் கூடாது. நான் போனபின் என் கார்டைக் கொண்டுபோய் ஏடிஎம்மில் யாரும் எடுக்கவேண்டாம். இறந்தவர் கணக்கில் அப்படி எடுப்பது தப்பு, பின்னால் உறவுக்குள்ளேயே கேள்வி வரும். முறைப்படி எடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும். என் சிம்முக்கு மட்டும் ரீசார்ஜ் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேங்க் செய்தி, பாலிசிச் செய்தி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது.

இனி உன் பங்கு, சாமி. உன் பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட நாமினேஷன்தான் இன்னும் இருக்கிறது என்று போன தடவை சொன்னாய். கல்யாணம் ஆனபின் புதிதாகப் போடவேண்டும். பி.எஃப். தளத்தில் "Manage" என்பதற்குள் "E-Nomination" இருக்கிறது. அதில் குடும்பத்தார் விவரம், போட்டோ, பங்கு எல்லாம் கொடுத்து சேமித்துவிட்டு, முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். கடைசியில் ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் செய்தால்தான் அது ஏறும். முடித்ததும் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து அனுப்பு, நோட்டில் உனக்கென்று விட்டிருக்கிற பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா