பிள்ளையார் கோயில் சந்தில் எரியாத தெருவிளக்கைச் சரிசெய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பிள்ளையார் கோயில் சந்து பொதுமக்கள்,
7-ஆவது வார்டு.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: கம்பம் எண் 14-இல் தெருவிளக்கு எரியாதது – ஒயரை மாற்றிச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சந்து ரேஷன் கடைக்குப் பின்னால் திரும்பி மேட்டுத் தெருவில் போய்ச் சேர்கிறது. சந்து வளையும் இடத்தில் உள்ள 14-ஆம் எண் இரும்புக் கம்பத்தின் விளக்கு, போன மழையிலிருந்து எரியவில்லை. வளைவுக்கு இருபுறமும் உள்ள விளக்குகளின் வெளிச்சம் அங்கே எட்டாது. கம்பத்தை ஒட்டியே சாக்கடை ஓடுகிறது. அதன் மேல் போட்டிருந்த சிலாப் உடைந்து வாய் திறந்து கிடக்கிறது. மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடக்கிறார்கள்.

இது குறித்து முன்பே தெரிவித்தோம். பணியாளரும் வந்து புது எல்.இ.டி. விளக்கை மாட்டினார். அது இரண்டு நாள் எரிந்தது, காற்றடித்தபோது விட்டு விட்டு மின்னியது, அப்புறம் அணைந்துவிட்டது. அதனால்தான் இந்த முறை விவரமாக எழுதுகிறோம். பக்கத்துக் கம்பங்களில் விளக்கு ஒழுங்காக எரிகிறது, ஆகவே தெருவிளக்கு லைனில் மின்சாரம் வருகிறது. புது விளக்கும் அதேபோல் நின்றுபோனதால், லைனிலிருந்து விளக்குக்கு வரும் ஒயரிலோ அதன் இணைப்பிலோதான் பழுது இருக்கும் என்று நினைக்கிறோம். விளக்கைத் தாங்கும் குழாயின் வாயில் அந்த ஒயர் உராய்ந்து மேலுறை கிழிந்திருப்பது கீழிருந்தே தெரிகிறது. வேப்பமரக் கிளை ஒன்றும் அதன் மேல் சாய்ந்து, காற்றில் ஒயரை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு விளக்கை மாட்டினாலும் இதே கதைதான் ஆகும்.

இருட்டைவிட எங்களுக்குப் பெரிய பயம் வேறு. கிழிந்த ஒயர் இரும்புக் குழாயைத் தொட்டால், மழை நாளில் கம்பத்தில் மின்கசிவு வரலாம். அந்தக் கம்பத்தில்தான் ஆட்டைக் கட்டுகிறார்கள். பிள்ளைகள் பிடித்துச் சுற்றி விளையாடுகிறார்கள். தொடாதீர்கள் என்று நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம், ஆனால் எத்தனை நாள் காவல் இருக்க முடியும்?

எனவே, மின்வாரியத்திடம் எல்.சி. அனுமதி வாங்கி மின்சாரத்தை நிறுத்திய பிறகு, அந்த ஒயரை முழுவதுமாக மாற்றி, இணைப்பை இறுக்கி, கிளையையும் வெட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வேலை முடிந்ததும் கம்பத்தில் மின்கசிவு இல்லை என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும் என்றால், ஒயரின் இணைப்பை மட்டுமாவது இன்றே துண்டித்துவிடுங்கள். உடைந்த சிலாப்பையும் இத்துடன் மாற்றித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

பகலில் எடுத்த கம்பத்தின் படமும் குடியிருப்போரின் கையொப்பங்களும் இணைக்கப்பட்டுள்ளன. மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு வழங்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் சந்து பொதுமக்கள்

நகல்: 7-ஆவது வார்டு உறுப்பினர், உதவிப் பொறியாளர், மின்வாரியப் பிரிவு அலுவலகம்.