ரெஃபர் லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி மலேரியாவுக்கு முதல் ஊசிய போட்டுடுங்க

மாவட்ட சுகாதார அதிகாரி அவர்களுக்கும், எங்க பக்கம் ஆஸ்பத்திரி நடத்துற டாக்டர்களுக்கும் வணக்கம்ங்க.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிங்க எங்கெங்க போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க அக்கா வீட்டுக்காரரும் சத்தீஸ்கர்ல பஸ்தர் பக்கம் ரெண்டு மாசம் போர் போட்டுட்டுத்தான் ஊருக்கு வந்தாரு. வந்த நாலாம் நாள் குளிர் காய்ச்சல். சேர்த்த ஆஸ்பத்திரில ரத்தம் பாத்தாங்க, பிளேட்லெட் 38 ஆயிரம், டெங்குன்னு சொல்லி குளுக்கோஸ் ஏத்துனாங்க. மறுநாள் காலைல கண்ணு மஞ்சளாச்சு, காமாலையும் சேந்திருக்குன்னாங்க. ஒன்னுக்கு கட்டங்காப்பி கலர்ல போச்சு, அதையும் அக்கா சொன்னா. எந்த ஊர்ல இருந்து வந்தாருன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. மலேரியாவுலயும் பிளேட்லெட் இறங்கும், கண்ணு மஞ்சளாகும்ங்க.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மனுசன் எந்திரிச்சு உக்காந்து, சட்டைக் கைக்குள்ள கால நுழைக்கப் பாத்தாரு. அக்கா புடிச்சா, அவள யாருன்னு தெரியல. "ராடு இறக்குடா, ராடு இறக்குடா"ன்னு சுவத்தப் பாத்து சொல்லிட்டே இருந்தாரு. நர்ஸம்மா வந்து காய்ச்சல்ல பினாத்துறாரு, காலைல டாக்டர் வருவாருன்னுட்டு போயிட்டாங்க. நாலு மணிக்கு வலிப்பு வந்துச்சு. அப்பத்தான் சுகர் பாத்தாங்க, 34. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கன்னு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க, அந்த லெட்டர்லயும் டெங்குன்னுதான் இருந்துச்சு.

பெரிய ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வெளியூர் போயிருந்தாரான்னுதான். விரல்ல ஒரு சொட்டு ரத்தம், ஒரு கார்டு, இருபது நிமிசத்துல ஃபால்சிபாரம் மலேரியான்னு தெரிஞ்சுபோச்சு. காலைல எட்டு பத்துக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி நரம்புல போட்டாங்க. கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் கணக்காம், 62 கிலோவுக்கு 149 மில்லிகிராம், 60 மில்லிகிராம் குப்பி மூணு உடைச்சு அப்பவே கரைச்சு போட்டாங்க. அடுத்தது 12 மணி நேரம் கழிச்சு, மூணாவது 24 மணி நேரத்துல. மூணாவது டோசுக்கு ஒரு மணி நேரம் இருக்கறப்ப உசுரு போயிருச்சுங்க.

அந்த டாக்டர்தான் எனக்கு புரிய வெச்சாரு. இந்தக் கிருமி சிகப்பணுக்குள்ள புகுந்ததும் ஏறக்குறைய ஒரு நாள் ரத்தத்தோட சுத்தும், அப்புறம் அந்த அணு பிசுக்கு புடிச்ச மாதிரி ஆகி மூளையோட, கிட்னியோட சின்னச்சின்ன ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிக்கும், பின்னாடி வர்ற ரத்தத்துக்கு வழி அடைபட்டு போகும். சுத்திட்டு இருக்கற இளசு கிருமியயும் ஆர்ட்டிசுனேட் கொன்னுடுறதால அது போய் ஒட்டறதுக்கே வாய்ப்பு இல்ல, பழைய குயினைன் ஊசிக்கு அந்த வேல முடியாது. ஆனா ஏற்கனவே ஒட்டி அடைச்சுக்கிட்டதால மூளைக்கு ஆன கேட்ட எந்த மருந்தும் உடனே சரி பண்ணாது. அப்ப கண்ணு மஞ்சளான அந்தக் காலைல இருந்து எட்டு பத்து வரைக்கும் ஒரு நாள் முழுசா எங்க மாமா தலைக்குள்ள என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு நான் யோசிக்காத ராத்திரி இல்லைங்க.

அதனால கேக்கறது இதுதான். ரெஃபர் பண்றதுக்கு முன்னாடி முதல் ஊசி போட்டு அனுப்புங்க. நரம்பு கிடைக்கலன்னா தொடைல சதை ஊசியா போடலாம், அதுக்கு ஐசியு வேணாம். காய்ச்சல்காரரு வெளியூர்ல இருந்து வந்தவருன்னா மொத நாளே மலேரியா டெஸ்ட் எடுங்க, இல்லன்னு வந்தாலும் காய்ச்சல் விடலன்னா மறுநாள் திரும்ப எடுங்க. ஆள் குழம்பி பேசினா, எந்திரிச்சு உக்கார முடியலன்னா, மூச்சு வாங்கினா, ஒன்னுக்கு கருத்தா, குறஞ்சா, காலை ரவுண்ட்ஸ் வரைக்கும் விடாதீங்க.

எங்க பசங்க ஒரிசா, சத்தீஸ்கர்னு போய் காட்டுக்குள்ள வண்டியடில படுத்து ஊர் ஊருக்கு தண்ணி எடுத்துக் குடுக்கறாங்க. கிளம்பறப்ப ஒரு கொசுவலை குடுக்க ஆளில்ல, திரும்பி வந்தா எந்த ஊர்ல இருந்தன்னு கேக்கவும் ஆளில்ல. கோவமா எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க. அதிகாரி அவர்களே, நம்ம தாலுகால எந்தெந்த ஆஸ்பத்திரில ஆர்ட்டிசுனேட் குப்பி இருப்புல இருக்குன்னு தயவு பண்ணி ஒரு தடவ நேர்ல போய் பாருங்க, இல்லாத இடத்துல ஒரு ஆளுக்கு மூணு டோசுக்கு வர்ற அளவாவது வெக்கச் சொல்லுங்க. அடுத்த மாசம் இன்னும் நாலு வண்டி ஊர் திரும்புதுங்க.