கயிறு அவிழ்ந்து கிடந்தது

தேவிபட்டினம்
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள காதர்,

உன் நாவலின் கையெழுத்துப் பிரதி நல்லபடியாக வந்து சேர்ந்தது. தபால்காரர் மழைக்குப் பயந்து இரண்டு பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். மழைதான் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகெல்லாம் இறங்கிவிட்டது, தெற்கத்திச் சோழகக் காற்று இன்னும் ஓயவில்லை. மருமகள் பிரசவத்துக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். தாயும் பிள்ளையும் நலமென்று அடுத்த கடிதத்தில் எழுது.

34 அத்தியாயத்தையும் படித்துவிட்டு, முடிவு தெரிந்த பிறகு முதல் ஒன்பதை மறுபடி படித்தேன். நீ கேட்டது அந்த இரண்டாவது வாசிப்பைப் பற்றித்தானே. மிக்கேல் படுத்திருந்த வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டதே கதை சொல்கிற கணக்கப்பிள்ளைதான் என்று 32ஆம் அத்தியாயத்தில் தெரிகிறது. அதற்குப் பிறகு பழைய பக்கங்கள் வேறாக ஒலிக்கின்றனவா என்று கேட்டிருந்தாய். சில இடத்தில் அபாரமாக ஒலிக்கின்றன. நாலாம் அத்தியாயத்தில் ஏமாற்றிவிட்டாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மிக்கேலின் வள்ளம் காணாமல் போன காலையை இப்படி எழுதியிருக்கிறாய்: "ராத்திரி அடிச்ச காத்துல கயிறு அவுந்து போச்சு." முதல் தடவை படிக்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. முடிவு தெரிந்து திரும்பி வந்தால் இது பச்சைப் பொய். காற்றுதான் காரணம் என்று உன் ஆள் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அந்த இடத்தில் வாசகனுக்கு வருவது வியப்பாக இருக்காது, கடுப்பாகத்தான் இருக்கும். 'பொய்யையே சொல்லி என்னைத் தோற்கடிக்க என்ன சாமர்த்தியம் வேண்டிக் கிடக்கிறது' என்று புத்தகத்தை மூடிவிடுவான்.

அதையே இரண்டாக வெட்டிப் பார். "ராத்திரி முழுக்கச் சோழகம். விடியும்போது கயிறு அவுந்து கெடந்துச்சு." சோழகம் அடித்தது உண்மை. கயிறு அவிழ்ந்து கிடந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே 'அதனால்' என்ற சொல்லைப் போட்டுக்கொள்வது வாசகன். அவன் போட்டதை அவனே மறந்துவிடுவான். முப்பது அத்தியாயம் கழித்துக் கேட்டால், காற்றில் அவிழ்ந்ததாகக் கணக்கப்பிள்ளை சொன்னான் என்று சத்தியம் பண்ணுவான். திரும்பிப் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு வாக்கியம் அங்கே இருக்காது. எழுத்து அப்படியேதான் கிடக்கும், அவன் சேர்த்த 'அதனால்' மட்டும் உதிர்ந்திருக்கும். முந்தைய அத்தியாயம் வேறாக ஒலிப்பதன் சூட்சுமம் எனக்குத் தெரிந்து இவ்வளவுதான்.

இந்த வேலைக்குத் தமிழ் வினைச்சொல் வாகாக இருக்கிறது. அவிழ்ந்தது தன்வினை, அவிழ்த்தேன் பிறவினை. பள்ளிக்கூடத்தில் திருந்தினான், திருத்தினான் என்று படித்தோமே, அதே ஜோடி. தன்வினையைப் போட்டால் செய்த கை மறைந்துபோகும், ஆனாலும் சொன்னது பொய்யாகாது. உன் கணக்கப்பிள்ளை தன் காரியத்தையெல்லாம் தன்வினையிலேயே சொல்லட்டும். கணக்குப் பேரேட்டில் பக்கம் "கிழிஞ்சிருந்துச்சு", விளக்கு "அணைஞ்சிருந்துச்சு". மற்றவர்கள் செய்ததைச் சொல்லும்போது மட்டும் கிழித்தான், அணைத்தான் என்று நேராகச் சொல்லட்டும். முதல் வாசிப்பில் இது ஒரு கிழவனின் பேச்சுப் பழக்கமாகத் தெரியும். இரண்டாவதில் வாசகன் ஒவ்வொரு தன்வினையிலும் தடுக்கி நிற்பான். ஆனால் ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றுக்கு மேல் வைக்காதே. ஏழாம் அத்தியாயத்தில் நாலு வைத்திருக்கிறாய். அங்கே மொழிநடையே கோணுகிறது, கெட்டிக்கார வாசகன் அப்போதே மோப்பம் பிடித்துவிடுவான்.

அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை' நினைவிருக்கும். 1926இல் வந்தது, முடிவைச் சொன்னால் இனிப் பாவமில்லை. கதை சொல்கிற டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். கடிதம் உள்ளே வந்தது எட்டு நாற்பதுக்கு, தான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, அப்போதும் கடிதம் படிக்கப்படாமல் இருந்தது என்று எழுதுகிறார். கதவுப் பிடியில் கை வைத்துத் திரும்பிப் பார்த்து, எதையாவது செய்யாமல் விட்டோமா என்று யோசித்ததாகவும் எழுதுகிறார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நடுவில் பத்து நிமிஷம் காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் படிப்பவன் அவரை அக்கறையுள்ள நண்பராகப் பார்க்கிறான். முடிவுக்குப் பிறகு அதே வரியில் ஒரு கொலைகாரன் வாசலில் நின்று அறையைச் சரிபார்க்கிறான். நேரத்தை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியதால்தான் திரும்பிப் போகிறவன் கழித்துப் பார்க்க ஒரு கணக்கு கிடைக்கிறது.

இனி உன் ஆறாம் அத்தியாயம். பிரதியிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். நீ தெரிந்து செய்தாயா, கை தானாகப் போனதா என்று எழுது. அந்த இரவைப் பற்றிக் கணக்கப்பிள்ளை மிக்கேலின் மகனிடம் சொல்கிறான்:

"எட்டு மணிக்குக் கடையில டீ குடிச்சானாம். வலையைக் கரையிலேயே போட்டுட்டு வந்தானாம். யாரோ கூப்பிட்டதுக்குத் திரும்பிக்கூடப் பாக்கலையாம். நிலா சாஞ்சதும் வள்ளத்துலயே ஏறிப் படுத்தான்."

மூன்று வாக்கியத்துக்கு 'ஆம்' இருக்கிறது. கடைசி வாக்கியத்துக்கு இல்லை. கேள்விப்பட்டதை 'ஆம்' போட்டுத்தான் சொல்வோம், கண்ணால் பார்த்ததற்குப் போடமாட்டோம். அந்த இரவு ராமநாதபுரத்தில் இருந்ததாகச் சாதிக்கிறவனுக்கு, மிக்கேல் ஏறிப் படுத்தது எப்படித் தெரியும்? வாய் தவறிய ஒரே ஒரு எழுத்து. இதைவிட நியாயமான தடயம் கிடையாது, வாசகனின் கண் முன்னாலேயே கிடக்கிறது. ஆனால் பத்தியின் கடைசி வாக்கியமாக வைத்திருக்கிறாய். கண் நின்று இளைப்பாறும் இடம் அது. 'ஆம்' போட்ட இன்னொரு வாக்கியத்தை அதற்குப் பின்னால் போட்டு இதை நடுவில் தள்ளு. "விடியக்காலம் பாத்தவங்க யாரும் இல்லையாம்" என்று முடித்தால் போதும்.

இதற்கு நேர்மாறாக, அவன் பார்த்ததை 'ஆம்' போட்டுச் சொல்ல வைக்கலாமா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாய். வேண்டாம். 'படுத்தானாம்' என்றால் தனக்கு நேரில் தெரியாது என்று சொல்வதாகிவிடும், திரும்பிப் படிக்கும்போது அது நாலாம் அத்தியாயத்துக் காற்றைப் போலவே பொய்யாக நிற்கும்.

விசைப்படகு விஷயத்துக்கு வருகிறேன். சம்பவம் வைகாசியில் நடக்கிறது. வள்ளத்தில் விசைப்படகு மோதியிருக்கும், வெளிச்சம் பார்த்தவர்கள் உண்டு என்று கணக்கப்பிள்ளை இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. சித்திரையும் வைகாசியும் கிட்டத்தட்ட முழுக்க அதில் அடங்கிவிடும். கோயம்புத்தூரில் படிக்கிறவனுக்கு இது கண்ணில் படாத தடயம். பாம்பனிலோ தொண்டியிலோ படிக்கிறவனுக்கு முதல் இருபது பக்கத்திலேயே நாவல் முடிந்துபோகும். எடுத்துவிடாதே, பக்கத்திலேயே ஒரு சாக்கு வை. டீக்கடையில் ஒருத்தன் "தடைக்காலத்துல ஏதுய்யா விசைப்படகு?" என்று கேட்கட்டும். "எல்லாரும் சட்டப்படியா நடக்குறான்?" என்று கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே நகரட்டும். கேள்வியும் பதிலும் வந்துவிட்டதால் நம் ஊர் ஆளும் தலையாட்டிக்கொண்டு மேலே போவான், பிறகு அந்தச் சிரிப்புக்காகவே திரும்பி வருவான்.

நம் ஆட்களுக்கென்று நீ வைத்த இன்னொன்று அருமை. சோழகக் காலத்தில் தென்கடல்தான் கொந்தளிக்கும். வடகரை ஒதுக்காக, தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். வடகரையில் கட்டிய வள்ளம் ஆடவே ஆடாதபோது முடிச்சு எப்படித் தளரும்? அதேசமயம், அவிழ்த்துவிட்ட வள்ளத்தைச் சோழகம் கரையிலிருந்து வெளியேதான் தள்ளும். காற்று கொலைக்கு உதவும், ஆனால் முடிச்சை அவிழ்க்காது. இதை எங்கேயும் விளக்காதே. வெளியூர்க்காரனுக்குப் புரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

33ஆம் அத்தியாயம்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு தடயத்தையும் வரிசையாக எடுத்து, இதற்கு இது அர்த்தம் என்று மிக்கேலின் மகனே விளக்கிவிடுகிறான். கோனார் நோட்ஸ் மாதிரி இருக்கிறது. பிறகு நான் எதற்கு ஆறாம் அத்தியாயத்துக்குத் திரும்பப் போகவேண்டும்? ஷெப்பர்டு கடைசியில் என்ன செய்கிறார் என்று எடுத்துப் பார். தன் எழுத்தில் தான் பெருமைப்படும் அந்தப் பத்து நிமிஷத்து வரிகளைத் தானே மறுபடி எடுத்து வைத்து, எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன் பார் என்கிறார். ஒரு பூட்டைத் திறந்து காட்டினால் மற்றதை வாசகன் தானே தேடிப் போவான். நீயும் கயிற்றை மட்டும் திறந்து காட்டு. "அவுந்துச்சுன்னுதானே சொன்னேன் தம்பி, காத்து அவுத்துச்சுன்னு சொன்னேனா?" என்று கிழவன் கேட்கிற ஒரு வரி போதும். இந்த வரிக்காகவே நாலாம் அத்தியாயத்தைத் திருத்தியாக வேண்டும். இப்போது இருக்கிறபடி, காற்று என்று அவனே சொல்லித் தொலைத்திருக்கிறான்.

அவன் ஏன் இத்தனையும் பேசுகிறான் என்பதற்கு இன்னும் கொஞ்சம் பிடிமானம் தேவை. எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்துச் சொல்கிறவனுக்கு ஆரம்பத்திலேயே உண்மை தெரியும். அவன் மறைப்பதற்கு அவனுக்கென்று ஒரு காரணம் இல்லாவிட்டால், மறைத்தது எழுத்தாளன் என்றுதான் படும். உன்னிடம் காரணம் இருக்கிறது: துபாயிலிருந்து வந்த மகனுக்கு எவ்வளவு தெரியும் என்று கிழவன் நூல் விட்டுப் பார்க்கிறான். அதை 20ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு மறந்துவிட்டாய். அதற்குப் பிறகும் அங்கங்கே அவன் பேச்சை நிறுத்தி மகன் முகத்தைப் பார்க்கட்டும்.

திருத்தி முடித்ததும் இப்படிச் செய். அந்த இரவைத் தொடுகிற வாக்கியத்தையெல்லாம் தனித்தாளில் எழுது, நான் எண்ணியதில் 43 வருகிறது. ஒவ்வொன்றையும் குற்றவாளியின் வாயில் வைத்துச் சொல்லிப் பார். கணக்கப்பிள்ளை தானாகச் சொல்வது பொய்யானால் திருத்து. அவன் மற்றவர்களிடம் சொன்ன பொய்யை 'என்று சொன்னேன்' என்று அறிவித்திருந்தால் இருக்கட்டும், சொன்னது உண்மைதானே. இரண்டு வாசிப்பிலும் ஒரே அர்த்தம் தருகிற வாக்கியங்களும் நிறைய வேண்டும். எல்லாமே இரட்டை அர்த்தமானால் விடுகதைப் புத்தகமாகிவிடும். பிறகு முடிவு தெரியாத ஒருவரிடம் முதல் பத்து அத்தியாயத்தை மட்டும் கொடு. கயிறு எப்படி அவிழ்ந்தது என்று கேள். 'காற்றில்' என்று யோசிக்காமல் சொன்னால் நாலாம் அத்தியாயம் தேறிவிட்டது.

பக்கங்களைத் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை: ஒன்பதாம் அத்தியாயம் வரை "உங்கப்பா" என்று சொல்லி வந்த கிழவன், பத்திலிருந்து "மிக்கேல்" என்கிறான். வேண்டுமென்றே மாற்றினாயா, பிழையா? பிழை என்றாலும் தொடாதே.

அன்புடன்,
சேது