சுதனுக்கு ஒரு சங்கிலி போதும்

வட்சோ, நோர்வே
மே 24

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து, பதில் எழுதாமல் நாட்களைக் கடத்திவிட்டேன். தொலைபேசியில் பேசுகிறோம்தானே என்று மனதைச் சமாதானப்படுத்தினாலும், நீங்கள் கையால் எழுதி அனுப்பியதற்குக் கையால்தான் பதில் எழுதவேண்டும். நான் நலமாக இருக்கிறேன். முன்பிருந்த அறையை விட்டுச் சிறியதொரு அறைக்கு மாறியிருக்கிறேன். சிறிய அறை என்றால் சீக்கிரம் சூடேறும், வசதிதான். இங்கு இப்போது இரவிலும் சூரியன் மறைவதில்லை. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் படுக்கப் போகிறேன்.

சுதனின் கலியாணத்துக்கு மூன்று பவுணில் தடித்த சங்கிலி, பெரிய பதக்கம், இரண்டு கையிலும் மோதிரம், கைச்சங்கிலி, தங்க நிறப் பட்டி போட்ட மணிக்கூடு என்று அவன் கேட்பதாகவும், மூத்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பெரியம்மா, "மாப்பிள்ளை வெறுங்கழுத்தோடு நிற்கலாமா" என்று கேட்டதும் நியாயந்தான். வெறுங்கழுத்தோடு நிற்கவேண்டாம். ஆனால் அவன் கேட்கிற அத்தனையையும் போட்டால், மணவறையில் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சனம் நகையைத்தான் பார்க்கும்.

கீழ்வீட்டு வயோதிபரைப் பற்றி முன்னர் எழுதியிருக்கிறேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லாமல் காலநிலையை மட்டும் அறிவித்துவிட்டுப் போகிறவர். இந்த நாட்டின் அரசியலமைப்பு நாளான மே 17 அன்று இவர்கள் தங்கள் பாரம்பரிய உடுப்பை உடுத்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அன்று அவரும் கம்பளி அரைக்காற்சட்டையும் வெள்ளிப் பொத்தான் வைத்த இடையங்கியும் அணிந்து வாசலில் நின்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைமணிக்கூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுவிட்டு, இடையங்கிப் பையிலிருந்து தகப்பனாருடைய சங்கிலி வைத்த மணிக்கூட்டை எடுத்து நேரம் பார்த்தார். அந்த உடுப்போடு கைமணிக்கூடு கட்டினால் ஊரில் பேசுவார்கள் என்றார். பொத்தான்களே வெள்ளியாக இருக்கும்போது அதற்கு மேல் எதற்கு என்பது அவருடைய கணக்கு.

எங்கள் உடுப்புக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். சுதனுக்கு எடுத்திருக்கும் பட்டு வேட்டியின் கரை நான்கு விரல் அகலச் சரிகை என்று எழுதியிருக்கிறீர்கள். சால்வையிலும் அதே கரைதான் வரும். சரிகையே ஒரு நகை. அதற்கு மேல் தலைப்பாகை, மாலை, ஐயர் போடுகிற பூணூல், நெற்றியில் திருநீறும் சந்தனமும் வரும். இவ்வளவுக்கும் பிறகு சங்கிலிக்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று அவனே பார்க்கட்டும். மெல்லிய கரை போட்ட வெள்ளை வேட்டியோடு வீட்டு விசேடங்களுக்குப் போகும்போது சங்கிலி சற்றுத் தெரிந்தால் அழகு. கரை அகலமாக அகலமாகச் சங்கிலி மெலியவேண்டும்.

சங்கிலியின் பாரத்தைவிட நீளத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். 18 அங்குலம் கழுத்தடியோடு ஒட்டி நிற்கும்; ஒடிசலான பிள்ளைகளுக்குத்தான் அது பொருந்தும். 24 அங்குலம் நெஞ்சின் நடுவுக்கு இறங்கிப் பூணூலோடும் மாலை நாரோடும் சிக்கும். மாலை மாற்றிய பிறகு அதைப் பிரித்தெடுக்கத் தோழன்தான் பாடுபடுவான். சுதனுக்கு 20 அங்குலம் சரியாக வரும் என்று நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பை நம்பவேண்டாம். ஒரு நூலை அவன் கழுத்தில் போட்டு, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே விழும்படி முடிந்து, வெட்டி, அந்த நூலையே பத்தரிடம் கொடுங்கள். இரண்டு பவுணுக்குள், அதாவது 16 கிராமுக்குள், உள்ளே கோறையில்லாத சங்கிலியாகச் செய்யச் சொல்லுங்கள். அதே இரண்டு பவுணில் மொத்தமாகக் காட்டுவதற்குக் கண்ணிகளைக் கோறையாகச் செய்த சங்கிலிகளும் கடையில் இருக்கும். அவை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், கையில் எடுத்தால் தோற்றத்துக்கு ஏற்ற பாரம் இராது. ஒருமுறை நெளிந்தால் அந்த நெளிவு போகாது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் நல்ல சங்கிலி நீர்போலச் சரிந்து குவியும். கோறைச் சங்கிலி விறைத்து நிற்கும்.

பதக்கம் வேண்டாம் என்று சொன்னால் அவன் கோபிப்பான். பெருவிரல் நகத்தளவில் ஒரு வேல் போடட்டும், அதற்கு மேல் வேண்டாம். மாலையில் வரவேற்புக்கு நஷனல் போடும்போது சங்கிலி சட்டைக்கு உள்ளேதான் இருக்கவேண்டும். கழுத்துப்பட்டி மூடிய சட்டைக்கு வெளியே சங்கிலியை எடுத்துவிடுவது எனக்குச் சற்றும் பிடிக்காது. இதில் அத்தானும் என் பக்கம் நிற்பார்.

மோதிர விடயத்தில் எங்கள் விருப்பத்துக்கு இடமே இல்லை, சடங்கே அதைத் தீர்மானித்துவிடுகிறது. வலது கை மோதிரவிரலில் ஐயர் தருப்பைப் பவித்திரம் போடுவார், வலது மணிக்கட்டில் காப்புக் கட்டுவார். அந்தக் கையில் மோதிரமும் கைச்சங்கிலியும் இருந்தால் ஓமத்தின் முன்னே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டிவரும். அத்தானின் தம்பிக்கு அப்படி நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள்தானே. ஆகவே வலது கை வெறுங்கையாக இருக்கட்டும். கைச்சங்கிலியை அடியோடு விட்டுவிடலாம். இடது கையில் ஒரு மோதிரம் போதும். அது கல் வைக்காத, வழுவழுப்பான வட்ட மோதிரமாக இருந்தால் நல்லது. கல்லைப் பிடிக்கிற கூர்கள் பட்டு இழையை இழுத்துவிடும், அன்றைக்கு அவன் கை முழு நேரமும் பெண்ணின் கூறைச் சேலைப் பக்கமாகத்தான் இருக்கும். கணையாழி எடுக்கும்போது மஞ்சள் நீர்ப் பானைக்குள் கை விடுவதற்கும் வழுவழுப்பான மோதிரமே இசைவு. விரல் அளவை மத்தியான வெயிலுக்குப் பிறகு எடுங்கள். காலைக் குளிர்ச்சியில் எடுத்த அளவு மண்டபத்துச் சூட்டில் இறுகும். எனக்கு இங்கு நேர்மாறு: ஐயா போட்டுவிட்ட மோதிரம் குளிரில் விரலைவிட்டு வழுக்குகிறது. மீன் தொழிற்சாலையில் மோதிரம், மணிக்கூடு, சங்கிலி எதையும் அணிந்துகொண்டு உள்ளே போகவிடமாட்டார்கள். ஆகவே அதை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இங்கிருந்து வாங்கி அனுப்பச் சொன்னீர்கள். இங்குள்ள கடைகளில் பெரும்பாலும் 585 முத்திரை குத்திய 14 கரட் தங்கந்தான் கிடைக்கிறது. அது எங்கள் 22 கரட் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும். பெண் வீட்டார் பித்தளையோ என்று சந்தேகிக்கவும் கூடும். கஸ்தூரியார் வீதியில், எங்கள் வழமையான பத்தரிடமே செய்விப்பதுதான் முறை. இதைச் செலவை நினைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். மேலதிக நேர வேலையை நானாகவே கேட்டு எடுக்கிறேன், வாரக்கடைசியில் சும்மா இருந்து என்ன செய்வது.

இனி மணிக்கூடு. தங்கமுலாம் பூசிய பட்டியும் 22 கரட் மஞ்சளும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. அருகருகே இருந்தால் இரண்டுமே போலி போலத் தோன்றும். ஐயாவின் பழைய உருக்கு மணிக்கூடு உங்கள் பெட்டகத்தில்தான் இருக்கவேண்டும். அதன் முகம் சிறியது. சுதனின் மணிக்கட்டின் மேற்பரப்புக்குள் அடங்கும், இரண்டு பக்கமும் துருத்தாது. இக்காலத்துப் பெரிய மணிக்கூடுகள் தடிப்பில் நஷனல் சட்டையின் கைக்குள் போகமாட்டாமல் துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஐயாவினுடையது கையைத் தொங்கவிட்டால் பாதி மறையும், கையை மடக்கினால் தெரியும். அதுதான் அளவு. கண்ணாடியைத் துலக்கி, எண்ணெய் போட்டு, கடும் மண்ணிறத் தோற்பட்டி மாற்றச் சொல்லுங்கள். சாவி கொடுக்கிற மணிக்கூடு என்பதால் கலியாணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஓட்டிப் பார்த்து, எவ்வளவு பிந்துகிறது என்று கவனிக்கவேண்டும். ஆனால் அது மாலை வரவேற்புக்கு மட்டுந்தான். காலையில் மணவறையில் நெய்யும் மஞ்சளும் புகையும் இருக்கும். தோலைக் கட்டிக்கொண்டு ஓமத்தில் உட்காருவதை ஐயரும் விரும்பமாட்டார். மண்டபத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தாலும், மணவறைக்கு ஏறுமுன் கழற்றித் தோழனிடம் கொடுக்கட்டும்.

ஐயா நல்லூர்த் தேருக்குப் போகும் நாளில் அந்த மணிக்கூட்டை உங்களிடம் கழற்றித் தந்துவிட்டு, வேட்டி, சால்வை, மெல்லிய சங்கிலியோடு படலையைத் திறந்துகொண்டு போவது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சால்வையை இடுப்பில் வரிந்து கட்டியபின் அந்த ஒரு சங்கிலிதான் அவருடைய நெஞ்சில் தெரியும். இந்த முறையும் கொடியேற்றத்தை நான் தொலைபேசியில்தான் பார்க்கப்போகிறேன். கலியாணத்துக்கு வரமுடியுமா என்று நீங்கள் மறுபடியும் கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை. சுதனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம்.

தாலிக்கொடி 9 பவுணா 11 பவுணா என்று நீங்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. சுதன் தன் சங்கிலியில் ஒரு பவுணைக் குறைத்து, பெரிய பதக்கத்தையும் கைச்சங்கிலியையும் இரண்டாவது மோதிரத்தையும் விட்டால், 11 என்பது கைக்கு எட்டும். அதை அவனிடம் அக்காவைக்கொண்டு சொல்வியுங்கள், அவள் சொன்னால்தான் கேட்பான். பொன்னுருக்குக்கு நாள் பார்த்ததும் எனக்கு அறிவியுங்கள், அதற்கு முன்பாகப் பணம் வந்து சேரும். பத்தரிடம் சங்கிலிக்கும் கொடிக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கி, எடை, கூலி, சேதாரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பழைய காப்பை இதற்காக உருக்கக்கூடாது. பெரியம்மா சொன்னாலும் கூடாது. இணுவிலுக்கு மாப்பிள்ளைத் தோழனாகச் சித்தப்பாவின் மகன் போவது நிச்சயமானால், மணிக்கூட்டை வாங்கிவைக்க அவனுடைய சட்டையில் பொத்தான் போட்ட பை ஒன்று இருக்கட்டும். நஷனல் தைப்பதற்கு முன் தையற்காரரிடம் கையின் வாயைச் சற்றுத் தளர்வாக விடும்படி சொல்லவும் மறக்கவேண்டாம்.

உங்கள் அன்பு மகன்,
குமரன்