ஐஸுக்குப் பக்கத்தில் வைக்காதே

அன்புள்ள கயலுக்கு,

ஊசி தவறாமல் போட்டும் சம்பந்தியம்மாவுக்கு நாலு நாளாகச் சர்க்கரை இறங்கவில்லை என்று நேற்று போனில் சொன்னாய். இன்சுலினை எங்கே வைத்திருக்கிறாய் என்றதற்கு, "ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி, நல்லா சில்லுனு இருக்கும்பா" என்றாய். மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்றவனுக்கு அது போதும். அந்த இடத்தில் இன்சுலின் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தால் போச்சு, இளகிய பிறகும் பழைய வேலை செய்யாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது அது. ஒரு டப்பாவில் போட்டு நடுத்தட்டின் முன்பக்கம் வை.

இப்போது அந்தக் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை மெல்ல உருட்டு. அவருடையது பால் மாதிரி இருக்கும் வகை, ஒரே சீராகக் கலங்க வேண்டும். துகள் மிதந்தாலோ, கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஒட்டியிருந்தாலோ தூக்கிப் போடு. தெளிந்த வகை என்றால் தண்ணீர் போலவே இருக்க வேண்டும், கலங்கலே கூடாது. ஆனால் கெட்டதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடாது. அதனால் பார்க்க நன்றாக இருந்தாலும் புதுக்குப்பியைத் திற, டாக்டரிடமும் சொல். நீங்களாக அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

திறந்த குப்பியை 30 டிகிரிக்குக் கீழே வெளியில் வைக்கலாம், பெரும்பாலும் நாலு வாரம். உள்ளே இருக்கும் தாளையும் பார்த்துக்கொள். மே மாதத்தில் உன் மொட்டை மாடி வீட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஆகாது, அதையும் ஃபிரிட்ஜிலேயே வை. கரண்ட் போனால் மண்பானை இருக்கிறதே என்பாய். நம் ஊர்க் காய்ந்த வெயிலில் பானை நன்றாகக் குளிரும். சென்னையின் கடற்காற்றில் ஈரம் ஜாஸ்தி, தண்ணீர் ஆவியாவதே குறைவு, பானையும் பெரிதாகக் குளிராது. கரண்ட் வரும்வரை ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பதே மேல்.

அப்புறம், அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் இருக்கும் அவருடைய ஆஸ்பிரின். சோற்றுப்பானை ஆவி முழுக்க அங்கேதான் போகிறது. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்ததை மோந்து பார், வினிகர் வாடை அடித்தால் ஈரம் உள்ளே போய் மாத்திரை சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தேதி இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தாலும் வேண்டாம். அட்டையில் 06/2027 என்று இருந்தால் ஜூன் கடைசி நாள் வரை செல்லும், ஆனால் அது அட்டை பிரியாமல், சொன்னபடி வைத்த மாத்திரைக்கு. படுக்கையறை பீரோவுக்கு மாற்று, மாத்திரையை வேளைக்கு மட்டும் பிரி.

கடையில் அரை அட்டை வெட்டித் தந்தால் தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்கு. நானே எத்தனையோ பேருக்குத் தேதி இல்லாத பக்கத்தை வெட்டிக் கொடுத்திருக்கிறேன், அப்போது தோன்றவில்லை.

குப்பியைப் பார்த்துவிட்டு இன்று ராத்திரிக்குள் போன் பண்ணு.

அப்பா