அடுக்ககத் தண்ணீர்ப் பங்கீடும் அறிவிப்புப் பலகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்ககங்களின் கோடைக்காலத் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, லாரித் தண்ணீரின் விலையை விரிவாகப் பேசியது. வாங்கிய தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைத் தொடவில்லை. மேடவாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கத்தில் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலான அறிவிப்புகளில் 'காலை 6 முதல் 7 வரை, மாலை 6 முதல் 7 வரை தண்ணீர் வரும்' என்று மட்டும் இருக்கும். நேரத்தை மட்டும் குறைத்தால் தண்ணீர்ச் செலவு குறைவதில்லை. கீழ்த்தளத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே டிரம் விரைவில் நிறைகிறது. மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றுப் பிடித்து வைத்தது சாக்கடைக்குப் போகிறது. இரவுப் பணி முடிந்து வருகிறவருக்கோ குழாயில் காற்றுதான் வருகிறது. ஆகவே அறிவிப்பு லிட்டரில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். எங்கள் பகுதி பாறை நிலம் என்பதால், கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் மெல்லத்தான் ஊறும். மோட்டாரை 25 நிமிடம் ஓட்டினால் ஏறத்தாழ 750 லிட்டர் கிடைக்கும்; அதன் பிறகு சில மணி நேரம் ஓய்வு தர வேண்டும். சம்ப்பில் விழும் தண்ணீர் விட்டுவிட்டுக் காற்றோடு வருவதும், ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள ஆம்பியர் முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவதும் கிணறு வற்றுவதற்கான அடையாளங்கள். அதற்கு மேலும் ஓட்டினால், நீரிலேயே குளிர்ந்து இயங்கும் நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோகும். நாளைக்கு நான்கு முறை ஓட்டினால் 3,000 லிட்டர்; ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் 12,000 லிட்டர் லாரியால் நாளொன்றுக்கு 6,000 லிட்டர். மொத்தம் 9,000 லிட்டரில் பொதுப் பயன்பாட்டுக்கு 600 லிட்டரை ஒதுக்கினால், 80 பேருக்குத் தலைக்கு 105 லிட்டர் வருகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஆறு பேர் உள்ள குடும்பமும் ஒருவர் மட்டும் இருக்கும் வீடும் ஒன்றாகிவிடும் என்பதால், தலைக்கணக்கே நியாயமானது.

லாரி கொண்டுவருவது உண்மையிலேயே 12,000 லிட்டர்தானா என்பதையும் பார்த்தாக வேண்டும். எங்கள் சம்ப் 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடையது. ஆகவே ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 200 லிட்டர், முழு லாரி என்பது 60 சென்டிமீட்டர். ஏற்று மோட்டாரையும் கிணற்று மோட்டாரையும் நிறுத்திவிட்டு, கோடு போட்ட பிவிசி குழாயைச் சம்ப்பில் இறக்கி, லாரி ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் காவலாளி அளந்து பதிவேட்டில் எழுதுவார். 54 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது என்றால் 1,200 லிட்டர் குறைவு, அதாவது பதினோரு பேருடைய ஒருநாள் பங்கு. நள்ளிரவில் வரும் லாரியை யாரும் அளப்பதில்லை என்பதால், வரும் நேரத்தையும் பேசி உறுதிசெய்துகொள்வது நல்லது.

இனி, மீட்டர் இல்லாமல் பங்கை எப்படிக் காப்பது? பழைய அடுக்ககங்களில் சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனிக் குழாய்கள் இறங்குவதால் வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வீடுகள் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் மொட்டைமாடியிலிருந்து பொதுவாக இறங்கும் குழாய்களில் வால்வு இருக்கும். மற்ற வரிசைகளை மூடிவிட்டு ஒரு வரிசையை மட்டும் திறந்தால், மேல்நிலைத் தொட்டியில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதே அந்த வரிசையின் செலவு. 14 பேர் உள்ள வரிசைக்கு நாளொன்றுக்கு 1,470 லிட்டர். காலையில் பாதி, மாலையில் பாதி. கீழ்த்தளத்துக்குப் பிரியும் வால்வைச் சற்று இறுக்கி வைத்தால் மேல்தளத்துக்கும் தண்ணீர் எட்டும். நான்கு வீடுகளுக்குள் யார் அதிகம் எடுத்தார் என்பதை இந்த முறை காட்டாது. அதை அந்த நால்வரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் எல்லாரும் உறங்கிய பிறகு ஒரு வரிசையைத் திறந்து வைத்தும் மட்டம் இறங்கினால், எங்கோ ஃப்ளஷ் தொட்டி ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் குடியிருப்பில் அப்படி அகப்பட்டது, பூட்டிக் கிடந்த ஒரு வீடு.

ஆகவே பலகையில் எழுத வேண்டியவை: இன்று காலை சம்ப் மட்டம், கிணறு தந்தது, லாரி வந்த நேரமும் அளவும், தலைக்கு இன்றைய லிட்டர், வரிசைவாரியாகத் திறக்கும் நேரம். கைக்குழந்தையோ படுக்கையிலுள்ள நோயாளியோ இருக்கும் வீடுகளுக்குக் கூடுதலாக எவ்வளவு என்பதையும் வெளிப்படையாகவே எழுதலாம். மறைத்துக் கொடுத்தால்தான் புகார் வரும். லாரிச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்க்காமல், தண்ணீரைப் போலவே தலைக்கணக்கில் தனியாக வசூலிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் தண்ணீர் வாங்குகிறவர்தான் என்பதால், இவற்றை முடிவுசெய்யும் சங்கக் கூட்டத்துக்கு வீட்டு உரிமையாளரை மட்டும் அழைப்பது முறையாகாது.

இப்படிக்கு,
அடுக்ககச் சங்க முன்னாள் பொருளாளர்,
மேடவாக்கம், சென்னை.