ஆண்டறிக்கை: பத்துக்குப் பத்து அறை ஒன்றுக்கான பொருள் பட்டியல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, கொத்தனார் அண்ணன்மாரே, கையாள் வேலை செய்யும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா வசூல், நல வாரியப் பதிவு புதுப்பிப்பு, மாதக் கூட்டங்கள் ஆகியவை வழக்கம்போல நடந்தன. வரவு செலவை பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி சென்ற பொதுக்குழு செயற்குழுவிடம் ஒப்படைத்த வேலையைப் பற்றியது. வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் செங்கல், சிமெண்ட், மணல் கணக்கு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது, பாதி வேலையில் பொருள் தீர்ந்துபோகிறது, பழி கொத்தனார் தலையில் விழுகிறது என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். எனவே ஒரே ஒரு அறைக்கு, எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி ஒரு மாதிரிப் பட்டியல் போட்டிருக்கிறோம்.

அறை உள்ளளவு 10 அடிக்கு 10 அடி. ஒன்பது அங்குலச் சுவர். பெல்ட்டுக்கு மேலிருந்து ரூஃபின் அடி வரை உயரம் 10 அடி. 3×7 அடியில் ஒரு கதவு, 3×4 அடியில் இரண்டு ஜன்னல். சுற்றிலும் ஆறு அங்குல லிண்டல். கருங்கல் அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், தரை ஆகிய எதுவும் இதில் இல்லை. அவற்றுக்குத் தனிப் பட்டியல்தான் சரி. எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்தால் எது குறைந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

சுவர்

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. வெளியளவு 11½ அடி, நாலு சுவர், ஆக 46 அடி என்று போடுகிறோம். அப்படிப் போட்டால் நாலு மூலையும் இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். சுவரின் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும். 10¾ அடி வீதம் நாலு சுவர், 43 அடி. அந்த மூன்றடி வித்தியாசம் பத்தடி உயரத்துக்கு ஏறும்போது ஏறக்குறைய 290 கல்.

43 அடியைப் பத்தடி உயரத்தால் பெருக்கினால் 430 சதுர அடி. கதவுக்கும் ஜன்னல்களுக்கும் 45, லிண்டலுக்கு 21½ கழித்தால், கல் கட்ட வேண்டிய சுவர் 363½ சதுர அடி.

செங்கல்

பட்டியலுக்கு எடுத்துக்கொண்ட கல் 8¾ அங்குல நீளம், 4¼ அகலம், 2¾ உயரம். அரை அங்குலக் கலவை சேர்த்தால் சுவரின் முகத்தில் ஒரு கல் பிடிக்கும் இடம் 9¼ × 3¼ அங்குலம். ஒன்பது அங்குலச் சுவரில் குறுக்கே இரண்டு கல் வரும். கணக்குப் போட்டால் ஒரு சதுர அடிக்கு 9.6 கல். 363½ சதுர அடிக்கு 3,490. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 3,700 என்று எழுதியிருக்கிறோம்.

இந்த 9.6-ஐ மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் போட வேண்டாம். ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளையானாலும் வேறு எங்கிருந்து வந்தாலும், ஒரே அச்சில் அறுத்த கல்கூட வேகும்போது சுருங்குவது ஒன்றுபோல இருக்காது. லோடு வந்ததும் கைக்கு வந்த இருபது கல்லை நீளவாக்கில் ஒட்டி அடுக்கி டேப் பிடியுங்கள். 8¾ அங்குலக் கல் என்றால் 14 அடி 7 அங்குலம் வர வேண்டும். அதே இருபதை உயரவாக்கிலும் அளங்கள். 55 அங்குலம் வர வேண்டும்.

உயரம்தான் ஆளைக் கவிழ்ப்பது. கல் கால் அங்குலம் தாழ்ந்து 2½ ஆகிவிட்டால், 35 வரியில் முடிய வேண்டிய சுவர் 38 வரி கேட்கும். உடைசலைச் சேர்க்காமலே 280 கல்லுக்கு மேல் கூடும். வரி கூடினால் கலவையும் கூடும். விலை குறைவு என்று வாங்கிய தாழ்ந்த கல் கடைசியில் லாபமாக இருப்பதில்லை.

வேக்காட்டையும் பார்க்க வேண்டும். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை போடுங்கள். இரண்டரை கிலோ கல் மூன்று கிலோவைத் தாண்டினால், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடித்தால், அது வேகாத கல். இறக்கும்போதே உடைசல் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு. நனைந்த சூளைக் கல் எடையாக இருப்பதைப் பார்த்து நல்ல கல் என்று நினைத்துவிடக் கூடாது.

கட்டுக்கலவை

சுவரின் கனம் 272½ கனஅடி. அதில் கல் பிடிப்பது 206½. மீதி 66 கனஅடி கலவை. கல்லின் குழி நிரம்பவும் கீழே சிந்தவும் சேர்த்து 75 என்று வைத்தோம். காய்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டதும் அடங்கிவிடும் என்பதால், 75 கனஅடி கலவைக்கு 100 கனஅடி காய்ந்த பொருள் வேண்டும். ஒன்றுக்கு ஆறு கலவையில் சிமெண்ட் ஒரு பங்கு, 14¼ கனஅடி. ஒரு மூட்டை 1.23 கனஅடி. ஆக 12 மூட்டை. மணல் 86 கனஅடி.

இடைக்கலவை அரை அங்குலத்தில் நிற்காமல் முக்கால் அங்குலம் ஆனால், கல் 340 குறையும், கலவை 20 கனஅடி கூடும். சிமெண்ட் மூன்று மூட்டை கூடுதலாகப் போகும். கல் மிஞ்சி, சிமெண்ட் பற்றாமல் போன இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வேறு எதையும் தேட வேண்டாம். பத்து வரியின் உயரத்தை அளந்தால் போதும். 32½ அங்குலம் இருக்க வேண்டியது 35 இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

மணல்

அதிகச் சண்டை வருவது மணலில்தான். இப்போது கட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட். ஒரு யூனிட் என்றால் 100 கனஅடி. ஆனால் வண்டிக்காரர் சொல்லும் அளவும் நாம் கலக்கும் அளவும் ஒன்றல்ல.

பெட்டி உள்ளளவு 10 அடிக்கு 6 அடி என்று வையுங்கள். நடுவில் குவித்திருக்கும் உயரம் 2 அடி. வண்டிக்காரர் 120 கனஅடி என்பார். கம்பியை நாலு மூலையிலும் நடுவிலும் தரை தட்டும்வரை குத்திப் பாருங்கள். மூலைகளில் 1¼ அடிதான் இருந்தால் சராசரி 1.4 அடி. மணல் 84 கனஅடி.

அதுவும் முழுக்க மணல் இல்லை. ஈர மணல் உப்பி நிற்கும். ஒவ்வொரு பருக்கையைச் சுற்றியும் ஒட்டிய தண்ணீர் பருக்கைகளை நெருங்கவிடாது. இதைக் காட்ட ஒரு நேர்ச்சுவர் டப்பா போதும். எட்டு அங்குல உயரத்துக்கு ஈர மணலைப் போட்டு, தட்டாமல் மட்டம் செய்து, வேறு பாத்திரத்தில் கொட்டுங்கள். டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, அந்த மணலை முழுதும் திரும்பப் போட்டுக் கம்பியால் கிளறி அடங்கவிடுங்கள். மணல் 6½ அங்குலத்துக்கு இறங்கினால் உப்பல் 23 சதவீதம். அப்படியென்றால் அந்த 84 கனஅடியில் உள்ளது 68 தான். நமக்குத் தேவை 86. சுவர் ரூஃபின் அடியைத் தொடுமுன் மணல் தீரும்.

உப்பலால் மணல் மட்டும் குறைவதில்லை. ஈர மணலில் ஆறு பெட்டி அளந்தால் உண்மையில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் விழும். கலவை நம்மை அறியாமலே ஒன்றுக்கு ஐந்து ஆகி, 12 மூட்டை இடத்தில் 14 மூட்டை ஆகும். 23 சதவீத உப்பல் இருக்கும் நாளில் ஒரு பெட்டி சிமெண்டுக்கு ஏழரைப் பெட்டி ஈர மணல் என்பதுதான் சரியான அளவு. வெயிலில் காய்ந்த பிறகும் அதே ஏழரையைப் போட்டால் கலவை சத்தற்றுப் போகும். எனவே மழை பெய்த மறுநாளும், புது லோடு வரும்போதும் டப்பாச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பெட்டி இல்லாத இடத்தில், ஒரு மூட்டை சிமெண்ட் தலைதட்டி எத்தனை சட்டி வருகிறது என்று ஒரு தடவை அளந்துகொண்டு, மணலையும் அதே சட்டியில் தலைதட்டியே போடுங்கள். மணலுக்குக் குவித்த சட்டி, சிமெண்டுக்குத் தட்டிய சட்டி என்பது நம்மிடையே உள்ள பழைய வியாதி.

முட்டம், குளச்சல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு: கடல் மணலை எந்தக் கலவையிலும் சேர்க்கக் கூடாது. உப்பு சுவரில் வெள்ளையாகப் பூத்துப் பூச்சைத் தள்ளும். லிண்டல் கம்பியையும் தின்னும்.

பூச்சு

உள்சுவர் 400 சதுர அடி, வெளிச்சுவர் 460. கதவு ஜன்னலை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது, திறப்பின் ஓரங்களைப் பூசுவதற்கு ஈடு. உள்பக்கத்தில் 45 கழித்தால் 355. ரூஃபின் அடி 100. உள்ளே அரை அங்குலம் ஒன்றுக்கு ஐந்து, வெளியே முக்கால் அங்குலம் ஒன்றுக்கு நாலு, ரூஃப் அடியில் கால் அங்குலம் ஒன்றுக்கு மூன்று. கல் இடுக்குகள் நிரம்புவதற்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேர்த்தோம். மொத்தம் 12 மூட்டை, காய்ந்த கணக்கில் 60 கனஅடி பி-சாண்ட். சுவர் தூக்குப் பிசகி வெளியே ஒரு அங்குலம் பூச வேண்டி வந்தால், வெளிப்பூச்சுக்கு மட்டும் இரண்டரை மூட்டை கூடும்.

வீட்டுக்காரரிடம் கொடுக்கும் தாள்

- செங்கல் 8¾ × 4¼ × 2¾ அங்குலம்: 3,700
- சிமெண்ட், கட்டுக்கு: 12 மூட்டை
- சிமெண்ட், பூச்சுக்கு: 12 மூட்டை, சில்லறை வேலைக்கு 1
- எம்-சாண்ட்: ஈரமாக வந்தால் 105 கனஅடி, காய்ந்ததானால் 86
- பி-சாண்ட்: ஈரமாக வந்தால் 75 கனஅடி, காய்ந்ததானால் 60

சிமெண்டை ஒரேயடியாக இறக்க வேண்டாம். நம் கடற்காற்றில் மூட்டை சீக்கிரம் கட்டிப் பிடிக்கும். கட்டுக்கு உள்ளதை முதலில் இறக்கி, பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். பூச்சுக்கு உள்ளதைப் பூச்சுக்கு முந்தின வாரம் வாங்கினால் போதும்.

தாளின் அடியில் இரண்டு கோடு காலியாக விட்டிருக்கிறோம். ஒன்று, வந்த கல்லில் இருபதின் நீளமும் உயரமும். மற்றொன்று, அன்றைய மணல் உப்பல். இவ்விரண்டையும் வீட்டுக்காரரின் முன்னால் அளந்து, அவர் கையெழுத்தையும் வாங்கி வைக்குமாறு செயற்குழு கேட்டுக்கொள்கிறது. நகல்கள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. ஹாலோ பிளாக் சுவருக்கான தாள் இன்னும் முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்